நெட்டு பிரேமுக்காகப் படத்தின் மேல் வானத்தைக் கூட்டுவது

கேள்வி: அப்பாவின் மணிவிழாவுக்கு, அப்பாவும் அம்மாவும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன் நிற்கும் படத்தை 12×18 அங்குல நெட்டு பிரேமில் போட்டுக் கொடுக்க நினைக்கிறேன். படம் படுக்கையாக, 6000×4000 பிக்சலில் இருக்கிறது. சாயங்கால வெளிச்சம், மேகம் இல்லை. இருவரும் முழங்காலுக்கு மேல்தான் தெரிகிறார்கள், கோயிலின் உச்சிக்கு மேல் நூலளவுதான் வானம். மேலே வானமும் கீழே மணலும் ஏஐ வைத்துக் கூட்டலாமா? போனில் ஒரு ஆப்பில் செய்து பார்த்தேன். வானம் நன்றாக வந்தது, ஆனால் அப்பாவின் முகம் ஏதோ போல் இருக்கிறது.

பதில்:

வானத்தைத் தாராளமாகக் கூட்டலாம். மணலைக் கூட்ட வேண்டாம். முகம் மாறியது உங்கள் கண்ணின் மயக்கமில்லை, அது உண்மையாகவே மாறியிருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எந்தக் கருவியை எடுப்பது என்பது அதைப் பொறுத்துத்தான் முடிவாகிறது.

படத்தை விரிவாக்கித் தருவதாகச் சொல்லும் கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, நீங்கள் கொடுத்த படத்தை அப்படியே வைத்துக்கொண்டு வெற்றிடத்தை மட்டும் வரைந்து நிரப்புகிறது. இன்னொரு வகை, உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, அதைப்போன்ற ஒரு பெரிய படத்தை முழுவதுமாகப் புதிதாக வரைந்து தருகிறது. இரண்டாம் வகையில் வெளிவரும் படத்தில் உங்கள் கேமரா பதிவுசெய்த ஒரு பிக்சல்கூட மிஞ்சியிருக்காது. சட்டையின் கட்டமும் புடவையின் கரையும் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் சட்டென்று தெரியாது. ஆனால் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் முகத்தில் கண்ணிமையின் கோணம் ஒரு துளி மாறினாலும் மனம் கண்டுபிடித்துவிடும். முதல் வகையிலும்கூட ஒரு சிக்கல் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற, படம் வரையும் ஏஐ மாதிரிகள் படத்தை நேரடியாகக் கையாள்வதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய ஓர் உள்வடிவமாக மாற்றி, அதில் வேலை செய்து, மறுபடியும் படமாக விரிக்கின்றன. இந்தப் போக்குவரத்தில், தொடக்கூடாது என்று நீங்கள் மறைத்து வைத்த பகுதியும் சேர்ந்தே போய்வருகிறது. தூரத்தில் நிற்கும் சிறிய முகங்களும் பலகை எழுத்துகளும் முதலில் கெடுவது இதனால்தான்.

ஆகவே எந்தக் கருவியில் செய்தாலும் கடைசியில் உங்கள் மூலப்படத்தை அதன் இடத்தில் மேலே திரும்ப வைத்துவிட வேண்டும். கருவி வரைந்த வானம் கீழ் அடுக்கிலும், மூலப்படம் மேல் அடுக்கிலும் இருக்க, இரண்டும் சேரும் ஒரு குறுகிய பட்டை மட்டும் மாஸ்க் மூலம் மெல்லக் கரையட்டும். போட்டோஷாப் தன் புதிய பகுதியைத் தனி அடுக்காகவே தருவதால் இந்த வேலை பெரும்பாலும் மிச்சமாகிறது. உங்கள் போன் ஆப் கொடுத்த படத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதையும் மூலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தி, மேல் அடுக்கின் கலப்பு முறையை `Difference` என்று மாற்றுங்கள். மாறாத இடமெல்லாம் முழுக்கறுப்பாகத் தெரியும், மாறிய இடம் மங்கிய கோடுகளாக ஒளிரும். மறுபடி ஜேபெக் ஆகச் சேமித்ததால் மட்டும் வரும் வேறுபாடு படம் முழுவதும் தூசி தூவியதுபோல் மிகச் சன்னமாக இருக்கும். கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வரம்புகள் கோட்டுச்சித்திரம்போல எழுந்து தெரிந்தால் முகம் புதிதாக வரையப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

மணலை வேண்டாம் என்றதற்குக் காரணமும் இதை ஒட்டியதே. இருவரும் முழங்காலோடு வெட்டுப்பட்டிருக்கிறார்கள். கீழே இடம் கூட்டினால் கருவி மணலை மட்டும் வரைந்துவிட்டு நிற்காது, அப்பாவின் வேட்டியின் கீழ்ப்பகுதியையும் அம்மாவின் புடவைக் கொசுவத்தையும் இருவரின் பாதங்களையும் சேர்த்துத்தான் வரையும். அவர்கள் அன்று செருப்பு அணிந்திருந்தார்களா என்பது அதற்குத் தெரியாது. பட்டையகலக் கரை கீழே மடிப்பில் எப்படி விழும் என்பதிலும் அது பெரும்பாலும் தடுமாறும். வானம் யாருடையதும் அல்ல என்பதால் அதை இட்டுக்கட்டலாம். உடம்பையும் உடையையும் இட்டுக்கட்டினால் படம் அவர்களுடையதாக இருக்காது. கோயிலுக்கும் இது பொருந்தும். உச்சி முழுதாகப் படத்துக்குள் இருக்கிறது என்று நீங்கள் சொல்வதால்தான் வானத்தைக் கூட்டலாம் என்கிறேன். அது வெட்டுப்பட்டிருந்தால், கருவி தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு கோபுரத்தின் உச்சியைப் பல்லவர் கட்டிய விமானத்தின் மேல் வைத்துவிடும்.

இனி அளவுக் கணக்கு. 12×18 என்பது இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். உங்கள் படத்தின் 6000 பிக்சல் அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு நெட்டாக்க வேண்டுமானால் உயரம் 9000 ஆக வேண்டும். அதாவது 5000 பிக்சல் உயரத்துக்குப் புது வானம், பிரேமில் பாதிக்கும் மேல் கற்பனை. பெற்றோர் இருவரும் அடியில் ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடுவார்கள். அதற்குப் பதிலாக முதலில் பக்கங்களை வெட்டுங்கள். இருவரும் கோயிலும் 4000 பிக்சல் அகலத்துக்குள் அடங்கினால் 4000×4000 என்ற சதுரம் கிடைக்கும். அதன் மேல் 2000 பிக்சல் கூட்டினால் 4000×6000, சரியாக இரண்டுக்கு மூன்று. புதிதாக வருவது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. அச்சுக்கு அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கிறது. லேப்கள் பொதுவாகக் கேட்கும் 300-ஐவிட இது அதிகம். எவ்வளவு வெட்டலாம் என்று முதலில் பார்த்துவிட்டு, எவ்வளவு கூட்டுவது என்று பிறகு பார்ப்பதே இந்த வேலையில் சரியான வரிசை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆனால் வெட்டுவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் விட்டால் பிறகு எத்தனை முறை வானத்தை வரைய வைத்தாலும் ஒட்டுத் தெரியும். லென்ஸ் வழியாக வரும் ஒளி படத்தின் நடுவில் கூடுதலாகவும் மூலைகளில் குறைவாகவும் விழுகிறது. சாதாரணமாக நாம் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் இருள் மூலையில் இருக்கும்போது கண் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. மேலே வானத்தைக் கூட்டியதும் பழைய மேல்மூலைகள் புதிய படத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், இரு ஓரங்களிலும் வந்து உட்கார்ந்துவிடும். அங்கே காரணமில்லாமல் வானம் அழுக்கான மாதிரி இரண்டு கருமைத் திட்டுகள் தெரியும். கருவி சில சமயம் அந்தக் கருமையைப் பார்த்து, வானம் மேலே போகப்போக இருட்டுகிறது என்று எடுத்துக்கொண்டு புயல் நேரத்து வானத்தை வரைந்து தருவதும் உண்டு. எனவே படம் `RAW` கோப்பாக இருந்தால் போட்டோஷாப்போடு வரும் கேமரா ராவில் லென்ஸுக்குரிய திருத்தத்தை இயக்குங்கள். ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதே இடத்தில் கையால் நகர்த்தும் `Vignetting` என்ற அளவுகோலைக் கொண்டு மூலைகளை நடுப்பகுதியோடு சமமாகும்வரை வெளுக்கச் செய்யுங்கள். இதை 6000×4000 முழுப்படத்தில் செய்ய வேண்டும். திருத்தம் படத்தின் நடுப்புள்ளியை மையமாக வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. வெட்டிய படத்தில் செய்தால் மையம் இடம் மாறி, ஒரு பக்கம் அளவுக்கு மீறி வெளுத்துப்போகும். போனில் எடுத்த படமாக இருந்தால் போனே பெரும்பாலும் இதைச் சரிசெய்து கொடுத்திருக்கும்.

அடுத்து, வானம் எங்கிருந்து வரப்போகிறது என்பது. இங்கே என் கருத்து கொஞ்சம் பழமையானது. அன்று அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்த வேறு படங்களில் மேல்வானம் இருந்தால், ஏஐ எதற்கு? பெரும்பாலானவர்கள் கோயிலை மட்டும் நெட்டாக ஒரு படமாவது எடுத்திருப்பார்கள். அந்த வானமே நிஜமான வானம். வெளிச்சம், நிறம், ஒளியின் திசை எல்லாம் தானாகவே பொருந்தும். போனில் எடுத்ததாக இருந்தாலும் நிறத்தைக் கொஞ்சம் சரிசெய்து பயன்படுத்தலாம்.

அப்படி ஒன்றும் இல்லையென்றாலும், மேகமில்லாத வானத்தைக் கையாலேயே வரைந்துவிட முடியும். தெளிந்த வானம் என்பது மெதுவாக நிறம் மாறும் ஒரு பரப்பு, அவ்வளவுதான். தொடுவானத்துக்கு அருகே நம் பார்வை அதிகமான காற்றையும் ஈரத்தையும் ஊடுருவிச் செல்வதால் அங்கே வெளுத்திருக்கும். மேலே போகப்போக நீலம் அழுத்தமாகும். இந்த மாற்றம் கீழே வேகமாகவும் மேலே மெதுவாகவும் நடக்கும். இதை எண்ணில் பிடிக்கலாம். நீல வானத்தில் மாற்றம் நன்றாகத் தெரிவது சிவப்பு வாய்க்காலில், அதாவது `Red` சேனலில். படத்தின் மேல் விளிம்பில் சிவப்பின் அளவு 104 என்றும், அதற்கு 500 பிக்சல் கீழே 118 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 500 பிக்சலில் 14 குறைந்திருக்கிறது. அதே வேகத்தில் போனால் 2000 பிக்சலில் 56 குறைந்து 48-க்கு வந்துவிடும். ஆனால் வேகம் தணியும் என்று அறிந்திருப்பதால் மேல்விளிம்பில் 65 முதல் 70 வரை நிறுத்திக்கொள்ளலாம். பச்சைக்கும் நீலத்துக்கும் இதேபோல் பார்த்து, கிடைத்த இரண்டு நிறங்களுக்கிடையே கிரேடியன்ட் கருவியை இழுத்தால் வானம் வந்துவிடும். இடமிருந்து வலமும் ஒரு சிறு வேறுபாடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் சரியாக உங்கள் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வானமும் அந்தப் பக்கம் சாய்வாகவே வெளுத்திருக்கும். கிரேடியன்டையும் அதே அளவு சாய்த்து இழுக்க வேண்டும்.

இந்தப் பொறுமை இல்லையென்றாலும், வானத்தில் மெல்லிய மேகம் ஏதும் இருந்தாலும் ஏஐயைக் கூப்பிடலாம். போட்டோஷாப்பில் 2023-இல் வந்த `Generative Expand`, கிராப் கருவியின் கைப்பிடியை மேலே இழுத்துவிட்டால் வெற்றிடத்தைத் தானே நிரப்பித் தரும். உங்கள் படத்துக்கு நான் அதைவிடச் சற்றே சுற்றுவழியான முறையைச் சொல்வேன். அடுக்கின் பூட்டைத் திறந்துவிட்டு, `Canvas Size` இல் உயரத்தை 6000 என்று கொடுத்து, நங்கூரத்தைக் கீழ்நடுவில் வையுங்கள். மேலே 2000 பிக்சல் வெற்றிடம் உருவாகும். அதைச் செவ்வகத் தேர்வால் தேர்ந்தெடுக்கும்போது, மூலப்படத்துக்குள்ளும் கொஞ்சம் இறங்கித் தேர்ந்தெடுங்கள். பிறகு `Generative Fill` கொடுங்கள். இந்தச் சுற்றுவழி எதற்கென்றால், மூலத்துக்குள் எவ்வளவு இறங்குவது என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். சிறிதும் இறங்காவிட்டால் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே மயிரிழைபோல் ஒரு கோடு விழும். அதிகம் இறங்கினால் கோயிலின் உச்சி தேர்வுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். நீங்கள் நூலளவு என்று சொல்வது 80 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், 40 பிக்சல் மட்டும் இறங்குங்கள். உச்சி தேர்வைத் தொட்டாலோ, தொடுமளவு நெருங்கினாலோ, கருவி அதை முடியாத ஒரு பொருள் என்று எடுத்துக்கொண்டு மேலே தொடர்ந்து கட்டத் தொடங்கிவிடும். விமானத்துக்கு ஒரு தளம் கூடியிருப்பதைப் பிரேம் போட்ட பிறகு ஊரிலிருந்து வந்த மாமா கண்டுபிடிப்பதைவிட இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

கட்டளைப் பெட்டியைக் காலியாக விடுங்கள். வானம் என்று எழுதினால் நீங்கள் ஏதோ புதிதாகக் கேட்பதாக எடுத்துக்கொண்டு, பறவைக் கூட்டத்தையோ பஞ்சு மேகத்தையோ, இன்னும் மோசமாகச் சூரியனையோ கொண்டுவந்து வைக்கும். காலியாக விட்டால் சுற்றியிருப்பதைப் பார்த்துத் தொடரும். வந்த மூன்று மாதிரிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அழகை அளவுகோலாக வைக்காதீர்கள், ஒளியை வையுங்கள். சாயங்காலம், கடலைப் பார்த்து எடுத்த படம் என்றால் நீங்கள் கிழக்கே பார்த்திருக்கிறீர்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் மேற்கில் இருந்தது. அப்பா அம்மாவின் முகத்தில் வெளிச்சம் நேராக விழுந்திருக்கும். அப்படியிருக்க மேல்வானத்தில் ஒரு பொன்னிற ஒளிவட்டம் வந்தால் படத்தில் இரண்டு சூரியன்கள் இருப்பதாகிவிடும். பார்ப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஒட்டவைத்த படம் என்று தோன்றிவிடும். மேகம் வந்தால் அதன் உருவத்தையும் பாருங்கள். தொடுவானத்தை ஒட்டிய மேகங்கள் தட்டையாக, நெருக்கமாக அடுக்கியதுபோல் இருக்கும். உயரத்தில் இருப்பவை பெரிதாகவும் இடைவெளி விட்டும் தெரியும். கருவி பெரும்பாலும் கீழே உள்ள அதே அளவு மேகத்தையே மேலேயும் வரிசையாக அடுக்கிவிடுகிறது. மேகமே இல்லாத மாதிரியைத் தேர்ந்தெடுங்கள் என்பதே உங்களுக்கு என் ஆலோசனை.

இப்போது பலரும் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறோம். இத்தகைய மாதிரிகளுக்கு ஒரே தடவையில் வரையக்கூடிய அளவு என்று ஓர் உச்சவரம்பு உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்டிஎக்ஸ்எல் பதிப்பு 1024 பிக்சல் சதுரத்தை ஒட்டிப் பயிற்சி பெற்றது. போட்டோஷாப்பின் நிரப்பும் வசதியும் வந்த புதிதில் 1024 பிக்சல் அளவில்தான் வரைந்தது. நீங்கள் 4000 பிக்சல் அகலம் கேட்டால், அந்த அளவில் வரைந்ததை நாலு மடங்கு இழுத்துத்தான் கொடுக்கும். புதிய பதிப்புகளில் இந்த வரம்பு உயர்ந்துகொண்டு வருகிறது என்றாலும், உங்கள் கருவியில் எப்படி என்பதைப் படத்தை நூறு விழுக்காட்டில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மூலத்தில் வானம் மணல்மணலாகவும் புதிய பகுதியில் மழமழவென்றும் இருந்தால் இழுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வானத்துக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை, ஏனென்றால் அதில் கூர்மையாகத் தெரிய வேண்டிய எதுவுமே கிடையாது. மணலையும் அலையையும் புல்லையும் பாறையையும் கூட்டும்போதுதான் இந்த இழுப்பு அப்பட்டமாகத் தெரியும். பக்கவாட்டில் கடலை நீட்ட வேண்டிய படமாக இருந்தால் 1000 பிக்சலுக்கு மிகாத துண்டுகளாக, ஒன்றின் ஓரம் மற்றொன்றின் மேல் ஏறும்படி வரையச் சொல்வேன். வானத்தை அப்படித் துண்டாடக்கூடாது. ஒவ்வொரு துண்டும் ஒரு சாயல் மாறி வந்து, திட்டுத்திட்டாகிவிடும். வானத்தை ஒரே தடவையில், மற்றவற்றைத் துண்டுதுண்டாக என்று வைத்துக்கொள்ளலாம்.

மழமழப்பை அப்படியே விட்டுவிடக்கூடாது. கேமராவில் பதிவான வானத்தில் எப்போதும் ஒரு நுண்ணிய புள்ளிநயம் இருக்கும். ஐஎஸ்ஓ கூடக்கூட அதுவும் கூடும். அது இருக்கும் பகுதியும் இல்லாத பகுதியும் அடுத்தடுத்து நின்றால், நிறம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தாலும் மேல்பகுதி பிளாஸ்டிக் தாள்போல் தெரியும். ஐம்பது விழுக்காட்டுச் சாம்பல் நிறம் நிரப்பிய ஒரு புதிய அடுக்கை மேலே வைத்து, கலப்பு முறையை `Soft Light` ஆக்கி, `Add Noise` கொடுங்கள். இரண்டு மூன்று விழுக்காட்டில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போகலாம். `Gaussian`, `Monochromatic` இரண்டும் தேர்வாகியிருக்கட்டும். பிறகு அந்த அடுக்குக்கு அரைப் பிக்சல் அளவு மங்கல் கொடுங்கள். கேமராவின் புள்ளிகள் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக நிற்பதில்லை, பக்கத்துப் பிக்சல்களோடு கொஞ்சம் கலந்தே இருக்கும். மங்கல் கொடுக்காவிட்டால் நீங்கள் போட்ட புள்ளிகள் மிகக் கூராக, தூவிவிட்டதுபோல் நிற்கும். மாஸ்க் போட்டு இந்த அடுக்கைப் புதிய வானத்துக்கு மட்டும் உரித்தாக்குங்கள். பொருந்திவிட்டதா என்று பார்க்க வேண்டிய இடம் மறுபடியும் சிவப்புச் சேனல்தான். நீல வானத்தில் சிவப்பு மிகக் குறைவாகப் பதிவாகியிருப்பதால் புள்ளிகள் அங்கேதான் மிகுந்து தெரியும். அந்தச் சேனலை மட்டும் திறந்து, இருநூறு விழுக்காட்டில் ஒட்டுப்பகுதியைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே சொரசொரப்பாகத் தெரிந்தால் போதும்.

இந்தப் புள்ளிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கையால் வரைந்த வானமாக இருந்தால் அது இன்னும் முக்கியம். மேலே சொன்ன கணக்கில் சிவப்பு 104-இலிருந்து 68-க்கு இறங்குகிறது என்றால், 2000 பிக்சலில் 36 படிகள்தான். ஒவ்வொரு படியும் சுமார் 55 பிக்சல் அகலம். 12×18 அச்சில் அது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். திரையில் தெரியாத இந்தப் படிகள் அச்சில், அதுவும் பளபளப்புத் தாளில், வானத்தில் குறுக்குப் பட்டைகளாக எழுந்துவிடும். 16 பிட்டில் வேலை செய்வது உதவும் என்றாலும், லேபுக்குக் கொடுக்கும் ஜேபெக் 8 பிட்தான் என்பதால் கடைசியில் படிகள் திரும்பவும் வந்துவிடும். புள்ளிகள் ஒரு படியின் ஓரத்தை அடுத்த படிக்குள் சிதறடித்து விடுவதால் கண்ணுக்குப் பட்டை தெரியாமல் போகிறது. எனவே புள்ளிகளைச் சேர்த்து முடித்த பிறகுதான் 8 பிட்டுக்கு மாற்ற வேண்டும், முன்பு மாற்றக்கூடாது.

எல்லாம் முடிந்ததாகத் தோன்றும்போது ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு `Curves` அடுக்கைச் சேர்த்து, வளைகோட்டை வானத்தின் வெளிச்ச அளவில் செங்குத்தாக நிற்கும்படி இழுங்கள். படம் கோரமாகத் தெரியும், பரவாயில்லை. வானத்தில் உள்ள மிகச் சிறிய வேறுபாடும் பல மடங்கு பெரிதாகத் தெரிவதால் ஒட்டுக்கோடு, மூலைக் கருமையின் மிச்சம், பட்டைகள் எல்லாம் வெளியே வந்துவிடும். ஒட்டு இருந்த உயரத்தில் கிடைமட்டமாக எதுவும் தெரியாவிட்டால் அந்த அடுக்கை நீக்கிவிடலாம். தெரிந்தால் கருவியிடம் மறுபடி போகாதீர்கள். புதிய வானத்தின் அடுக்குக்கு மட்டும் ஒரு சிறு வெளிச்சத் திருத்தம் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகும் எஞ்சியிருப்பதை மாஸ்கின் கரையும் பட்டையைச் சற்று அகலமாக்கிச் சரிசெய்யலாம். விமானத்தின் உச்சிக்கு அருகில் மட்டும் அகலமாக்க இடமில்லை. அங்கே 40 பிக்சலே எல்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன், பிரேமின் உள்விளிம்பு நான்கு பக்கமும் கால் அங்குலம் அளவுக்கு மறைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கீழ்ப்பக்கம் முழங்காலோடு முடிவதால், அங்கே இன்னும் கொஞ்சம் மேலேறி வெட்டுப்படும். அது உறுத்தினால் பிரேம் கடைக்காரரிடம் மவுண்ட் அட்டையோடு போடச் சொல்லி, அளவைக் கலந்து பேசிக்கொள்ளலாம். தாள் மேட்டாக இருக்கட்டும். வானத்தில் மீதியிருக்கும் சிறு குறையையும் அது விழுங்கிவிடும், கூடத்து விளக்கும் அதில் பிரதிபலிக்காது. நிறவெளி எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் தரம் உச்சத்தில். அடுக்குகள் உள்ள கோப்பையும் தொடாத மூலப்படத்தையும் தனியே சேமித்து வையுங்கள்.

பெரிய அச்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன், முடித்த கோப்பிலிருந்து 1333×2000 பிக்சல் அளவுள்ள ஒரு துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். அதன் நடுவில் ஒட்டுப்பகுதியும், கீழ்ப்பாதியில் விமானத்தின் உச்சியும் வரட்டும். அளவைச் சுருக்காமல் கொள்ளாமல் அதை 4×6 அங்குலத்தில் மேட் தாளில் போடச் சொன்னால், பிரேமில் வரப்போகும் அதே பெருக்கத்தில் அந்தப் பகுதி உங்கள் கைக்கு வரும். அதைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். வானம் இரண்டாகப் பிரிந்து தெரியவில்லை என்றால் 12×18-க்குச் சொல்லிவிடலாம்.